‘நம்பிக்கை இழந்துவிட்டோம்’ என்று ஒரு மாதச் சம்பளத்தோடு அனுப்பினால்

கேள்வி: தனியார் கம்பெனி ஸ்டோரில் 7 வருஷம் 8 மாசமா கிளார்க். மாசச் சம்பளம் 24,000. ஸ்டாக் எடுத்தப்போ 62 பேரிங் குறைஞ்சுது. மூணு மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டாங்க, ஒரு கடிதமும் எழுதி வாங்கினாங்க. நாலாம் நாள் “நிர்வாகம் உங்கள் மீது நம்பிக்கை இழந்துவிட்டது” என்று ஆர்டர், கூடவே ஒரு மாசச் சம்பளம். இது ராங்ஃபுல் டிஸ்மிஸலா, அன்ஃபேர் டிஸ்மிஸலா? இயற்கை நீதி மீறல்னு சொல்லி வேலையைத் திரும்ப வாங்க முடியுமா?

பதில்:

முடியும். ஆனால் இயற்கை நீதி, அதாவது ஒருவர் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்ற விதி, மீறப்பட்டது என்ற ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் அந்த இரண்டு சொற்களையும் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதே அதில்தான் இருக்கிறது.

இரண்டும் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தவை. ராங்ஃபுல் டிஸ்மிஸல் என்பது ஒப்பந்த மீறல். ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸ் என்று இருந்து, நோட்டீஸும் தராமல் அதற்கான சம்பளமும் தராமல் அனுப்பினால் அது ராங்ஃபுல். பரிகாரம் பணம் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் அந்த நோட்டீஸ் காலத்துச் சம்பளம். விலக்கிய காரணம் நியாயமானதா, உங்களைக் கேட்டார்களா என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை. 1963-ல் ரிட்ஜ் எதிர் பால்ட்வின் வழக்கில், பிரைட்டன் நகரக் காவல் தலைவரை விசாரிக்காமல் நீக்கியது செல்லாது என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. இயற்கை நீதிக்கு உயிர் கொடுத்த தீர்ப்பு அது. அதே தீர்ப்பில்தான், வெறும் முதலாளி–வேலையாள் உறவில் முதலாளி எந்தக் காரணத்துக்காகவும், காரணமே இல்லாமலும் அனுப்பலாம், விசாரிக்கத் தேவையில்லை என்றும் ரீட் பிரபு எழுதினார். அன்ஃபேர் டிஸ்மிஸல் அதற்குப் பிறகு, 1971-ல், அங்கே சட்டம் போட்டு உருவாக்கிய உரிமை. காரணம் சரியா, நடந்த முறை சரியா என்று பார்ப்பது இதில்தான்.

இந்தியச் சட்டத்தில் இந்தப் பெயர்களில் இரண்டு தனி வழக்குகள் இல்லை. ஆனால் அதே பிளவு இங்கேயும் இருக்கிறது. மேலாளர் போன்ற பதவியில் இருப்பவர் சிவில் கோர்ட்டுக்குப் போனால் பெரும்பாலும் நோட்டீஸ் சம்பளத்தோடு கதை முடியும். தனியார் முதலாளியிடம் ‘இவரைத் திரும்ப வேலைக்கு எடு’ என்று சிவில் கோர்ட் சொல்லாது. அரசுப் பணியாளர், சட்டத்தால் உருவான அமைப்பின் ஊழியர், தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்துக்குள் வரும் தொழிலாளி என்ற மூன்று வகையினருக்குத்தான் வேலையையே திரும்பக் கேட்கும் வழி உண்டு. நீங்கள் ஸ்டோர் கிளார்க், எழுத்து வேலை. உங்களுக்குக் கீழே ஆட்களை நிர்வகிக்கும் அதிகாரம் இல்லையென்றால், சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமலே நீங்கள் தொழிலாளி. 18,000 ரூபாய் வரம்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது மேற்பார்வை வேலை பார்ப்பவர்களுக்கு உரியது. கம்பெனி தன் எதிர்வாதத்தில் உங்களை ‘ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்’ என்று எழுதும் என்று இப்போதே எதிர்பாருங்கள். பதவியின் பெயரைக் கோர்ட் பார்க்காது. லீவ் அனுமதித்தீர்களா, யாருக்காவது மெமோ கொடுத்தீர்களா, தினமும் கையில் என்ன வேலை இருந்தது என்பதைத்தான் பார்க்கும்.

இனி அந்த ஆர்டருக்கு வருவோம். கம்பெனி புத்திசாலித்தனமாகச் செய்ததாக நினைக்கும் காரியம் இது. திருட்டு என்று எழுதவில்லை, தண்டனை என்றும் எழுதவில்லை. நம்பிக்கை போய்விட்டது, இந்தா ஒரு மாதச் சம்பளம் என்று முடித்துவிட்டது. இப்படிக் களங்கம் இல்லாத சொற்களில் விலக்குவதை வழக்கறிஞர்கள் ‘வெறும் பணிமுடிப்பு’ என்பார்கள். இந்தப் போர்வையை விலக்கி உள்ளே இருப்பதைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 1975-ல் எல். மைக்கேல் எதிர் ஜான்ஸ்டன் பம்ப்ஸ் வழக்கில் இதேபோல ஒரு ஊழியரை, நம்பிக்கை இழப்பு என்று உள்ளே வைத்துக்கொண்டு, நோட்டீஸ் சம்பளம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நம்பிக்கை போய்விட்டது என்று முதலாளி சொன்னால் மட்டும் போதாது, அதற்கு ஆதாரம் வேண்டும் என்று கோர்ட் அந்த ஆர்டரை ஏற்கவில்லை. 1985-ல் பான் அமெரிக்கன் விமான நிறுவனத்தின் சந்து லால் வழக்கில், நம்பிக்கை இழப்பு என்ற சொல்லே ஊழியர்மேல் களங்கம் சுமத்துவது, ஆகவே விசாரணை இல்லாமல் செய்ய முடியாது என்றும் வந்தது.

உங்கள் வழக்கின் முதுகெலும்பு இங்கேதான் இருக்கிறது. கம்பெனி இரண்டில் ஒரு வழியைத்தான் பிடிக்க முடியும், இரண்டிலும் அதற்குச் சிக்கல்.

இது தண்டனை இல்லை என்று கம்பெனி சொன்னால், சட்டப்படி இது ஆட்குறைப்பு ஆகிவிடும். தண்டனையாக அல்லாமல் எந்தக் காரணத்துக்காக வேலையை முடித்தாலும் ஆட்குறைப்புதான் என்று 1976-ல் சுந்தரமணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் விரித்துப் பொருள் சொல்லியிருக்கிறது. (ஒப்பந்தக் காலம் தானாக முடிவது போன்ற சில விலக்குகள் உண்டு. உங்களுக்கு அவை பொருந்தாது.) ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் மட்டும் போதாது. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் மிச்சமிருக்கும் காலமும் ஒரு வருடமாகக் கணக்காகும். உங்கள் 7 வருடம் 8 மாதம் 8 வருடம் ஆகிறது. 24,000-ல் பாதி 12,000, அதை 8-ஆல் பெருக்கினால் 96,000 ரூபாய். இதை வேலையை முடிக்கும் அன்றே கொடுத்திருக்க வேண்டும். பிறகு கணக்குத் தீர்க்கும்போது தருகிறோம் என்பது செல்லாது, ஏனென்றால் இது முன்நிபந்தனை. அவர்கள் கொடுத்தது 24,000 மட்டும். ஆக அந்த வழியில் போனால் ஆர்டர் அங்கேயே விழுகிறது. கிராஜுவிட்டி இதோடு சேராது. 5 வருடம் தாண்டியதால் அது உங்களுக்கு வேறு கணக்கில் வர வேண்டியது.

மாறாக, 62 பேரிங் விவகாரத்துக்காகத்தான் அனுப்பினோம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டால் அது தண்டனை. தண்டனை என்றால் குற்றச்சாட்டும் விசாரணையும் வேண்டும். இயற்கை நீதி உள்ளே வருவது இந்த வழியில்தான். தனியார் கம்பெனிக்கு அது பொருந்தாது என்று யாராவது சொன்னால், 1993-ல் வந்த டி.கே. யாதவ் வழக்கைக் காட்டுங்கள். எட்டு நாள் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும் என்று கம்பெனியின் பணி விதிகளான நிலையாணையிலேயே எழுதியிருந்தது. அப்படி இருந்தும், விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னது.

மூன்று மேனேஜர்கள் ரூமில் உட்கார வைத்துக் கேட்டது விசாரணை ஆகாதா என்றால், ஆகாது. ஒரு ஒழுங்கான உள்விசாரணையில் முதலில் வருவது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அது எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பாதி வழக்குகள் தோற்கின்றன. ‘ஸ்டாக்கில் முறைகேடு செய்தீர்கள்’ என்று எழுதினால் அதற்கு யாராலும் பதில் எழுத முடியாது. ‘இந்தத் தேதியில், இந்த எண் கொண்ட வெளியேற்றச் சீட்டில் 20 என்று பதிந்துவிட்டு, இந்தப் பகுதி எண்ணுள்ள பேரிங் 34 அனுப்பினீர்கள், நிலையாணையின் இந்தப் பிரிவின்படி இது குற்றம்’ என்று இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்து, அன்று நீங்கள் லீவில் இருந்தீர்களா, கையெழுத்து உங்களுடையதா, சாவி வேறு யாரிடமாவது இருந்ததா என்று பதில் சொல்ல முடியும். 62 குறைகிறது என்பது ஒரு எண்ணிக்கை. அதை யார் எடுத்தார்கள் என்பது அதிலிருந்து தானாக வராது. முந்தைய ஸ்டாக் எப்போது எடுத்தார்கள், அதில் கணக்கு ஒத்துப்போனதா, இடையில் எத்தனை பேர் அந்த ரேக்கைத் தொட்டார்கள் என்பதெல்லாம் கம்பெனி நிரூபிக்க வேண்டியவை.

அடுத்தது சாட்சிகள். கம்பெனித் தரப்பு முதலில் பேச வேண்டும், அதுவும் உங்கள் முன்னிலையில். ஸ்டாக் எடுத்தவர் வர வேண்டும், அவரை நீங்கள் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், பிறகு உங்கள் சாட்சிகள் வர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரையே முதலில் உட்கார வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்பது முறையல்ல என்று அசோசியேட்டட் சிமெண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டது. உங்களுக்கு நடந்தது அதுதான். அந்த மூவரில் ஒருவர் ஸ்டாக் எடுத்த குழுவில் இருந்தவரா என்று பாருங்கள். இருந்தால் அவரே சாட்சி, அவரே நீதிபதி. இது தனியாக ஒரு குறை. விசாரணையில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை பொதுவாகக் கிடையாது, சக தொழிலாளி ஒருவர் துணைக்கு வரலாம். ஆனால் கம்பெனி சார்பில் வாதாட சட்டம் படித்தவரை உட்கார வைத்தால், உங்களுக்கும் அந்த உதவியை மறுக்க முடியாது.

இனி அந்தக் கடிதம். இதுதான் உங்கள் வழக்கில் ஆபத்தான தாள். குற்றத்தைத் தெளிவாக ஒப்புக்கொண்டுவிட்டால் விசாரணையே தேவையில்லை என்ற வாதம் சட்டத்தில் எடுபடும். ஆகவே அதில் என்ன எழுதினீர்கள் என்பதைச் சொல் சொல்லாக நினைவுகூருங்கள். ‘62 பேரிங் குறைவாக இருக்கிறது, என் பொறுப்பில் நடந்ததற்கு வருந்துகிறேன்’ என்றால் நீங்கள் ஒப்புக்கொண்டது குறைவை மட்டும். அதிகம் போனால் கவனக்குறைவு. ‘நான் எடுத்தேன்’ என்பது அதில் இல்லை. ‘எடுத்தேன்’ என்றே எழுதியிருந்தால், எந்த அறையில், எவ்வளவு நேரம், யார் யார் இருக்கையில், யார் வாசகம் சொல்லி எழுதியது என்று விவரித்து, அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக இன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஒரு வருடம் கழித்துக் கோர்ட்டில் முதல்முறையாக மிரட்டி வாங்கினார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இரண்டாம் நாள் அனுப்பிய தபாலுக்கு மதிப்பு வேறு.

இவ்வளவும் உங்களுக்குச் சாதகம். அப்படியானால் இயற்கை நீதி மட்டும் போதாது என்று ஏன் சொன்னேன்? விசாரணையே நடத்தவில்லை, அல்லது அரைகுறையாக நடத்தினார்கள் என்று இந்த வழக்கை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயம் முடிவு செய்தாலும் வழக்கு அங்கே முடிவதில்லை. கம்பெனி அந்தத் தீர்ப்பாயத்திலேயே சாட்சி விட்டுக் குற்றத்தைப் புதிதாக நிரூபிக்கலாம். 1973-ல் ஃபயர்ஸ்டோன் வழக்கிலிருந்து இது உறுதியான சட்டம். அந்த வாய்ப்பை அது தன் எதிர்வாதத்திலேயே கேட்டுவைக்க வேண்டும், வழக்கு முடியும் தறுவாயில் கேட்டால் கிடைப்பது கடினம். ஆனால் அனுபவமுள்ள எந்த நிர்வாக வக்கீலும் ‘விசாரணை குறையுள்ளது என்று முடிவானால் சாட்சியம் அளிக்க அனுமதி வேண்டும்’ என்ற ஒரு பத்தியை மறக்காமல் போட்டுவிடுவார். ஆகவே முறை தவறு என்று காட்டுவதோடு, 62 பேரிங் போனதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதற்கான வாதத்தையும் முதல் நாளிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள். முறையை மட்டும் நம்பிப் போன தொழிலாளி, இரண்டாம் சுற்றில் ஸ்டாக் ரெஜிஸ்டரோடு வரும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக் கேள்வியே இல்லாமல் நிற்பதுண்டு.

இதேபோல, சின்னச் சின்ன முறைக்குறை எல்லாமே ஆர்டரைக் கவிழ்த்துவிடாது. விசாரணை அறிக்கையின் நகல் தரவில்லை என்ற குறைக்கு 1993-ல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் வைத்தது: அந்த நகல் கிடைக்காததால் உண்மையில் என்ன பாதிப்பு என்று பார்க்க வேண்டும். கிடைத்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன் என்று உங்களால் காட்ட முடியாவிட்டால் அந்தக் குறை உதவாது. உங்களுக்கு விசாரணையே நடக்காததால் இந்த அளவுகோல் இப்போது தடையில்லை. கம்பெனி விழித்துக்கொண்டு ஆர்டரை ரத்து செய்து, முறையாகக் குறிப்பாணை கொடுத்து மறுபடி ஆரம்பித்தால் அப்போது இது முக்கியமாகும். சஸ்பென்ஷனில் வைத்து விசாரித்தால் முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், தாமதம் உங்களால் இல்லையென்றால் அதற்கு மேல் 75 சதவீதம் பிழைப்பூதியம் வர வேண்டும். அதைக் கொடுக்காமல், வந்து போகக் காசில்லாமல் ஊழியர் வராதபோது ஒருதலையாக முடித்த விசாரணையை, கோலார் தங்கச் சுரங்கத்தின் பால் ஆண்டனி வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

குற்றம் ஓரளவு நிரூபணமானாலும் தண்டனை அதிகம் என்று குறைக்கும் அதிகாரம் தொழில் தீர்ப்பாயத்துக்கு உண்டு. கவனக்குறைவுக்கு வேலையையே பறிப்பதா, 7 வருடத்தில் ஒரு மெமோகூட இல்லையே என்ற வாதம் அங்கே எடுபடும். உங்கள் பழைய இன்கிரிமெண்ட் கடிதங்கள், பாராட்டுக் கடிதம் ஏதும் இருந்தால் அவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். மீண்டும் வேலை என்று தீர்ப்பு வந்தால் இடைப்பட்ட காலத்துச் சம்பளமும் கேட்கலாம். அதற்கு, வேலை போனபின் சம்பாத்தியம் இல்லை, அல்லது இதைவிடக் குறைவான சம்பளத்தில்தான் இருந்தேன் என்று மனுவிலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதைப் பொய் என்று காட்டும் சுமை கம்பெனிக்குப் போகும் (2013, தீபாலி சுர்வசே வழக்கு). சொல்லாமல் விட்டுப் பல வருடச் சம்பளத்தை இழந்தவர்கள் நிறைய.

செய்ய வேண்டிய வேலை இதுதான். வங்கியில் விழுந்த 24,000-ஐத் திருப்பி அனுப்ப வேண்டாம். ‘ஆர்டரை ஏற்கவில்லை, பணத்தை ஆட்சேபத்தோடு வைத்திருக்கிறேன், வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்’ என்று ஒரு கடிதம் போதும். கணக்குத் தீர்ப்புப் படிவத்தில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரியோடு கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. சமரசம் தோற்றால் அவருடைய அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு நீங்களே போகலாம், சங்கம் தேவையில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில், இப்படிப்பட்ட தகராறை எழுப்ப 2 வருடம்தான் அவகாசம். பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த 3 வருடத்தை மனதில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் வேலை பார்த்தவரானால் இன்னொரு வழியும் உண்டு, அதன் கெடு மிகக் குறுகியது. 1947-ம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தகுந்த காரணமின்றி அனுப்ப முடியாது. குற்றம் என்றால் அதற்கென விசாரணை நடத்திச் சாட்சியம் பதிவு செய்திருக்க வேண்டும். ஆர்டர் கைக்கு வந்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் ஸ்டோர் தொழிற்சாலை வளாகத்துக்குள் இருந்தால் இந்தச் சட்டம் பொருந்துமா என்பதே ஒரு சண்டையாகும். தனியாக ஒரு கிடங்கிலோ விற்பனைக் கிளையிலோ இருந்தால் இதை யோசிக்கலாம். கீழே ஆட்களை மேற்பார்வை பார்த்து 18,000-க்கு மேல் வாங்கியதால் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே போய்விட்டவர்களுக்கு, முழு நிர்வாகப் பதவியில் இல்லாதவரை, இருக்கும் நல்ல வழி இதுதான். ஆகவே வக்கீலைப் பார்க்கும்போது முதலில் ஆர்டர் உங்கள் கைக்கு வந்த தேதியைச் சொல்லுங்கள். அந்தத் தபால் உறையையும் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு போங்கள்.